பெட்டி யார் பேரில் போகிறது

கொட்டாஞ்சேனையில் என் கடைக்குப் பலகையில் எழுதியிருப்பது ஒன்று, சனம் அழைப்பது வேறு. பலகையில் போட்டோ கொப்பி, பிரின்ட், லமினேட்டிங் என்று வரிசையாக இருக்கும். சனம் சொல்வது "கேட்டா சொல்லுவான் கடை". ஒரு தாளைப் பிரதியெடுக்க வருபவர்கள் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்றும் கேட்பார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. வருகிற தாள்களையெல்லாம் வாசித்து வாசித்தே கொஞ்சம் பிடித்துக்கொண்டேன்.

அப்படித்தான் ரோல்ஸ் அக்கா ஒரு நாள் பயணச்சீட்டைப் பிரின்ட் எடுக்க வந்தார். சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடைகளுக்கு ரோல்ஸும் கட்லட்டும் போட்டுக் கொடுப்பவர். எண்ணெய் தெறித்த தழும்புகள் இரண்டு கைகளிலும் புள்ளி புள்ளியாக இருக்கும். அவருக்கு ஒரே மகள், லண்டனில். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அக்கா அதுவரை விமானத்தை ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"தனியாவா போறீங்க?" என்று கேட்டேன்.

"தனியாப் போனாக்கூட நிம்மதியா இருக்கும் தம்பி. வெள்ளவத்தைக்காரியும் வர்றா."

வெள்ளவத்தைக்காரி என்றால் மருமகனின் அம்மா. மருமகன் வீட்டார் சைவம், பூர்வீகம் யாழ்ப்பாணம். அக்கா வேதக்காரர், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகள் தாமாக விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். மாதா கோயிலில் ஒரு முறை, மண்டபத்தில் ஒரு முறை என்று இரண்டு கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. இரண்டுக்கும் ரோல்ஸ் அக்காவுடையதுதான்.

"நல்ல மனுசிதானே அக்கா?"

"நல்லவதான். ஆனா அவ சிரிச்சா, அந்தச் சிரிப்பத் திருப்பிக் குடுக்கணுமோன்னு பயமா இருக்கும்."

அக்கா பேசினால் இப்படித்தான். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அவருக்கு நான் நாற்காலி எடுத்துப் போடுவேன்.

மத்திய கிழக்கில் வேலை பார்க்கும் என் தங்கச்சி ஊருக்கு வரும்போதெல்லாம் தன் போர்டிங் பாஸையும் பெட்டியில் கட்டிய டேக்கையும் படமெடுத்து அனுப்புவாள். அதில் ஒரு படம் போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கி அக்காவுக்குக் காட்டினேன்.

"இந்த அட்டைதான் போர்டிங் பாஸ். பாஸ்போர்ட்டைக் குடுத்து, பெட்டியைக் குடுத்த பிறகு கவுன்டர்ல தருவாங்க. உங்களுக்கு ரெண்டு அட்டை வரும். ஒண்டு இங்க இருந்து தோஹாவுக்கு, மற்றது தோஹாவில இருந்து லண்டனுக்கு. இதில நேரம் ரெண்டு இருக்குப் பாருங்க. இது பிளேன் கிளம்புற நேரம். இது ஏறக் கூப்பிடுற நேரம். நீங்க பார்க்க வேண்டியது ஏறுற நேரத்தை."

"கிளம்புற நேரத்துக்குப் போனா?"

"கையைக் காட்டிட்டுத் திரும்பி வரலாம். கதவ முன்னாடியே சாத்திடுவாங்க."

"பஸ்ஸுன்னா ஓடிப்போய்த் தொங்கலாம்," என்றார் அக்கா.

கேட் என்று அச்சிட்ட இடம் சில நேரம் வெறுமையாக இருக்கும், அச்சிட்டிருந்தாலும் மாறும், அதனால் உள்ளே தொங்கும் திரையைப் பார்க்க வேண்டும் என்றேன். இது ஆசன இலக்கம், இந்தக் கோடு கோடான கட்டத்தில் உங்கள் விவரமெல்லாம் இருக்கிறது, அதனால் படமெடுத்து எனக்கு அனுப்பலாம், முகநூலில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பெட்டியின் டேக் வந்ததும் ஆட்டுவதை நிறுத்தினார்.

"இத விளக்கமாச் சொல்லுங்க. அட்டை என் கையிலதானே இருக்கும். பெட்டிதான் கண்ணுக்குத் தெரியாமப் போகும்."

அது சரிதானே. நீளமான அந்தத் தாளைக் கைப்பிடியில் வளைத்து ஒட்டுவார்கள், அதில் பெரிதாக மூன்று எழுத்து இருக்கும் என்றேன். அதுதான் பெட்டி கடைசியாகப் போய்ச் சேரும் இடம். அக்காவுக்கு எல்.எச்.ஆர்., அதாவது லண்டன் ஹீத்ரோ, என்று வர வேண்டும். தோஹாவின் பெயர் சின்னதாகத்தான் இருக்கும். அப்படி இருந்தால் தோஹாவில் பெட்டியைத் தேட வேண்டாம், அவர்களே மற்ற விமானத்துக்கு மாற்றிவிடுவார்கள். கீழே நீளமாக ஒரு இலக்கம். அதே இலக்கத்தோடு ஒரு துண்டு ஸ்டிக்கரை உங்கள் அட்டையின் பின்பக்கம் ஒட்டித் தருவார்கள். பெட்டி வராவிட்டால் அதைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

"அப்ப அந்தச் சின்னது இல்லாட்டி?"

"அது இல்லாம அந்த இடத்தைவிட்டு நகராதீங்க," என்றேன். பேச்சின் வேகத்தில் சொன்னது. அக்கா அதைச் சட்டமாக எழுதிக்கொண்டுவிட்டார் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிரின்ட் எடுத்த தாள்களை உறையில் போட்டுக் கொடுத்தேன். அக்கா எழும்பவில்லை. கடையில் வேறு ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, பெட்டிக்குள்ள ஒரு சட்டை வச்சிருக்கேன். மகளுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப போட்டது. வெள்ள லேஸு. அவங்க அப்பா துறைமுகத்துல வேல செஞ்சப்ப வாங்கிட்டு வந்த துணி. நானே தைச்சேன். பேரப்புள்ளைக்குப் போடணும்னு ஆச."

"போடுங்களேன்."

"ஞானஸ்நானம் குடுக்கிறதா இல்லையான்னே அங்க இன்னும் பேசல. மக, 'வாங்கம்மா, பார்ப்போம்'னு சொல்றா. இந்தம்மாவுக்குச் சட்டை இருக்கிறது தெரிஞ்சா, நான் எல்லாம் முடிவு பண்ணிட்டு வந்த மாதிரி ஆயிரும். மககிட்டத் தனியாக் காட்டி, அவ சரின்னா வெளிய எடுப்பேன். இல்லாட்டி அப்பிடியே திருப்பிக் கொண்டாந்துருவேன். ஆரும் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

யாருக்கும் சொல்லமாட்டேன் என்றேன். இதை எழுதுவதற்கு முன்பு அவரிடமே அனுமதி வாங்கினேன்.

பயணத்தன்று காலையில் ஒரு தம்பதியின் கலியாணச் சான்றிதழை லமினேட் செய்துகொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. அக்காவிடமிருந்து இரண்டு படங்கள். முதல் படத்தில் அவருடைய இரண்டு போர்டிங் பாஸ்கள், பின்பக்கம் மேலே தெரிய, மடியில் விரித்து வைத்தபடி. இரண்டாவது படத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கவுன்டருக்குப் பக்கத்து எடைத் தட்டில் அவருடைய சிவப்புப் பெட்டி. கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன், பக்கத்தில் வெள்ளை டேக். படமெடுக்கச் சொன்னதைச் செய்திருக்கிறாரே என்று மகிழ்ந்து முடிவதற்குள் அழைப்பு வந்தது.

"தம்பி, என் பெட்டி போயிருச்சு."

"எங்க போச்சு?"

"உள்ள போயிருச்சு. ஆனா என் பேர்ல போகல. அவ பேர்ல போயிருக்கு! படத்தப் பாருங்க. என் அட்டைக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. மொட்டையா இருக்கு. அவ பெட்டி ரெண்டு, என்னோடது ஒண்ணு, மூணு ஸ்டிக்கரும் அவ அட்டையில ஒட்டியிருக்கு."

படத்தைப் பெரிதாக்கினேன். அக்கா சொன்னது உண்மை. அவருடைய அட்டைகள் இரண்டின் பின்பக்கமும் சுத்த வெள்ளை. சிவப்புப் பெட்டியின் டேக்கில் பெரிய எழுத்தில் எல்.எச்.ஆர்., சிறிதாகத் தோஹா, எல்லாம் சரி. பெயர் மட்டும் வெள்ளவத்தை அம்மாவின் பெயர்.

"நீங்க இப்ப எங்க இருக்கிறீங்க?"

"எமிகிரேஷனுக்கு முன்னால கதிரையில. நீங்கதானே சொன்னீங்க, அது இல்லாம நகராதேன்னு. நான் நகரமாட்டேன். பெட்டியத் திருப்பி எடுத்துத் தரச் சொல்லுங்க. இல்லாட்டி நான் வீட்டுக்கு வந்திடுறேன்."

பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "என்ன கதை இது? வாங்கோ, நேரம் போகுது."

"கேட்டீங்களா தம்பி? பெட்டிய எழுதி எடுத்துட்டு, என்னையும் இழுத்துட்டுப் போகப் பாக்கிறா."

அக்காவின் பயம் எனக்கு விளங்கியது. லண்டனில் பெட்டி வந்து இறங்கும். டேக்கில் இருப்பது வெள்ளவத்தை அம்மாவின் பெயர். அவர் தன் பெட்டி என்று எடுப்பார், தன் மகன் வீட்டில் தன் கையால் திறப்பார். சட்டை முதலில் அவர் கையில்தான் விழும். வீடு திரும்பிவிடுகிறேன் என்று அக்கா சும்மா மிரட்டவில்லை. பெட்டி இல்லாமல் அவர் போகமாட்டார். போகாவிட்டால் பிள்ளையை எப்போது பார்ப்பார்? விசாவும் டிக்கெட்டும் எத்தனை பேர் கையில் ஏறி இறங்கி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

"அக்கா, கவுன்டர்ல என்ன நடந்தது? முதல்ல இருந்து சொல்லுங்க."

"என் பெட்டிய வச்சப்ப கவுன்டர்ல இருந்த புள்ள என்னமோ சொல்லிச்சு. பாரம் கூடப் போல. உடனே இவ குனிஞ்சு என் பெட்டி ஜிப்பத் தொறக்கப் போனா."

"நீங்க?"

"கையப் பிடிச்சிட்டேன். 'தொறக்க வேணாம்'னு கத்திட்டேன் தம்பி. எல்லாரும் பாத்தாங்க. இவ முகம் ஒரு மாதிரியாயிருச்சு. நிமிந்து நின்னு அந்தப் புள்ளகிட்ட இங்கிலீஷ்ல பொரிஞ்சா. எண்ணெயில தண்ணி விழுந்த மாதிரி. அந்தப் புள்ள தலையாட்டிச்சு, ஒட்டிச்சு, பெட்டி போச்சு. கோவத்துல தன் பேருக்கு எழுதிட்டா."

எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை உறுதிசெய்ய வேண்டும்.

"போனை அவகிட்ட ஒருக்காக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க அக்கா. சட்டையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்."

வெள்ளவத்தை அம்மாவின் குரலில் களைப்புத் தெரிந்தது. "ஓம் தம்பி, சொல்லுங்கோ. இவ ஏன் இப்படிக் கல்லுப்போல இருக்கிறா? நான் என்ன செய்தனான்?"

"அம்மா, கவுன்டர்ல பாரத்தைச் சேர்த்துப் போடச் சொன்னீங்களா?"

"ஓம். அவவின்ட பெட்டி அவவின்ட அளவுக்கு மேல. குறைச்சு எடுங்கோ, இல்லாட்டி காசு கட்டுங்கோ எண்டு அந்தப் பிள்ளை சொல்லிச்சுது. மிளகாய்த்தூள் ஒண்டை என்ட கைப்பைக்குள்ள மாத்துவம் எண்டு குனிஞ்சன். பிடிச்சாவே ஒரு பிடி! கை இன்னும் நோகுது. அதில விளங்கிட்டுது, உள்ள என்னவோ இருக்கு, திறக்க விருப்பமில்லை எண்டு. பிறகு ஏன் திறக்க வேணும்? என்ட ரெண்டு பெட்டியிலயும் பாரம் குறைவு. ரெண்டு பேரின்டயும் சேர்த்து நிறுங்கோ, ஒரே வீட்டுக்குத்தான் போறம் எண்டு கேட்டனான். அந்தப் பிள்ளை சரியெண்டிச்சுது."

"அதால மூண்டு டேக்கும் உங்கட பேரில விழுந்திட்டுது."

"அப்பிடியா? ஒட்டித் தந்ததை நான் திருப்பியும் பார்க்கேல்லை. கண்ணாடி கைப்பைக்குள்ள." பிறகுதான் பிடிபட்டது போல, "ஐயோ, அதுக்கோ இந்த முகம்?" என்றார்.

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, நல்லாக் கேளுங்க. உங்கட பெட்டி பாரம் கூடிப்போச்சு. அவட பெட்டிகள்ல பாரம் குறைவு. உங்கட பெட்டியைத் திறக்கக் கூடாதுண்டு, அவட கணக்கில உங்கட பாரத்தையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறா. அப்படிச் சேர்த்தா மிசின் மூண்டு டேக்கையும் ஒரே ஆள்ட பேரில அடிக்கும். இது களவு இல்ல."

இன்னும் நேராகச் சொன்னேன்.

"நீங்க திறக்க வேணாமெண்டு சொன்னதாலதான் உங்கட பெட்டி அவட பேரில போகுது அக்கா."

"அவ ஏன்னு கேக்கலையா?"

"கேட்கல."

ஒலிபெருக்கியில் யாரோ எந்த விமானத்தையோ அழைத்தது கேட்டது. அக்கா மூக்கை உறிஞ்சினார். ஆனாலும் பிடியை விடவில்லை.

"சரி தம்பி. ஆனா லண்டன்ல அவ பேரு போட்ட பெட்டிய நான் எப்பிடி என்னோடதுன்னு எடுக்கிறது? புடிச்சு வச்சிக்கிட்டாங்கன்னா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே நிற்கப் போறீங்க. உங்கட போன்ல இருக்கிற படத்தில சிவப்புப் பெட்டியும் இருக்கு, டேக் நம்பரும் இருக்கு. அவட அட்டையில மூண்டு ஸ்டிக்கர். அதில எது இந்த நம்பரோட பொருந்துதோ அதுதான் உங்கட பெட்டின்ட ரசீது. கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. வாசிக்கட்டா?"

"வாசிங்க."

படத்தைப் பார்த்து வாசித்தேன். அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. அவர் குரல் தூரத்தில் கேட்டது. அதுவரை நான் அவரிடம் கேட்டறியாத சின்னக் குரல்.

"சம்பந்தி, உங்க அட்டைய ஒருக்காத் திருப்பிக் காட்றீங்களா?"

"இந்தாங்கோ. கண்ணாடி போட்டுப் பார்க்கிறன். சொல்லுங்கோ நம்பரை."

அக்கா இலக்கத்தைச் சொன்னார். வெள்ளவத்தை அம்மா ஒன்றைப் பார்த்து இல்லை என்றார், அடுத்ததற்கும் இல்லை என்றார். மூன்றாவதில், "இந்தா, இதுதான்," என்றார். பிறகு என்னிடம் கேட்பதற்காகச் சத்தமாக, "தம்பி, இதைக் கழட்டி அவவின்ட அட்டையில ஒட்டினாப் பிழையோ?" என்றார்.

"பிழையில்ல அம்மா. ரசீதுதானே. பெட்டிக்கு வழி காட்டுறது பெட்டியில கட்டின தாள். ஸ்டிக்கர் ஆருட்ட இருந்தாலும் ஒண்டுதான். கிழியாமக் கழட்டுங்க, நம்பர் வாசிக்க வேணும்."

"என்ட நகம் கட்டை. இவவைக் கழட்டச் சொல்லுறன்."

"எனக்கு நகமே இல்ல, எண்ணெயில வெந்துபோச்சு," என்றார் அக்கா.

"அப்ப ரெண்டு பேருமாப் பிடிப்பம்."

போன் மடியில் விழுந்த சத்தம். தாள் உரிகிற ஓசை எனக்குக் கேட்டிருக்க முடியாது, ஆனால் கேட்டதாகத்தான் நினைவு. லமினேட்டிங் மெசினுக்கு முன்னால் அந்தத் தம்பதி பொறுமையாகக் காத்திருந்தார்கள். முழுக் கதையும் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். "ஒட்டினாங்களா?" என்று மனைவி என்னைக் கேட்டார்.

சிறிது நேரத்தில் ஒரு படம் வந்தது. அக்காவின் அட்டையின் பின்பக்கம். ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு மூலை கொஞ்சம் கிழிந்திருந்தாலும் இலக்கம் தெரிந்தது. அட்டையின் ஒரு ஓரத்தில் எண்ணெய்த் தழும்புள்ள விரல். மற்ற ஓரத்தில் பச்சைக்கல் மோதிரம் போட்ட விரல்.

கீழே குரற்செய்தி: "நகர்றோம் தம்பி."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. தோஹாவிலிருந்து ஒரு குரற்செய்தி வந்தது. கேட் நம்பர் அட்டையில் ஒன்று, திரையில் ஒன்று, எது சரி என்று. திரை என்று பதில் போட்டேன். "அவளும் அதத்தான் சொன்னா. நீங்களும் சொன்னாத்தான் நம்புவேன்னு அவகிட்டச் சொல்லிட்டேன்," என்றார். பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டிய சிரிப்பு மாதிரி அது இல்லை.

மறுநாள் நான் கடை பூட்டும் நேரத்தில் அக்காவின் அழைப்பு. முதலில் பிள்ளையைப் பற்றித்தான் சொன்னார். மூக்கு தன் மகளுடையது, நெற்றி அந்தப் பக்கத்துடையது, கோபம் இரண்டு பக்கத்துடையதும்.

"பெட்டி?"

"வந்துச்சு. சுத்திச் சுத்தி எல்லாருடைய பெட்டியும் வருது, நம்மளது வரல. இவ என் கையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. நேத்து நான் பிடிச்ச மாதிரியே, இறுக்கி. பொறகு மஞ்சள் ரிப்பன் தெரிஞ்சுச்சு. அவ குனிஞ்சு டேக் நம்பர வாசிச்சா, நான் அட்டையப் பாத்து சரின்னேன். அவளேதான் தூக்கி வண்டியில வச்சா. எனக்குத் தூக்க முடியல."

"வீட்டில ஆர் திறந்தது?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மருமகன் பெட்டிகள எல்லாம் நடு வீட்டுல வச்சாரு. அவ தன் ரெண்டையும் அங்கேயே தொறந்தா. எங்க மருமகன் என் பெட்டியிலயும் கை வைக்கப் போனாரு. 'அது சம்பந்தின்ட. அவவின்ட அறையில கொண்டுபோய் வை. அவ ஆறுதலாத் திறப்பா'ன்னு சொல்லிட்டா தம்பி. டேக்கில தன் பேரோட இருந்த பெட்டியப் பாத்து."

"சட்டை?"

"ராவைக்கு மககிட்டக் காட்டுவேன். மக வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல." சட்டென்று சேர்த்துக்கொண்டார். "பொறகு இவகிட்டயும் காட்டலாம்னு இருக்கேன். நானாக் காட்டுறது வேறதானே?"

"வேறதான் அக்கா."

"அந்த டேக்கைப் பெட்டியில இருந்து அறுத்துடலாமா? இனி வேண்டியதில்லையே?"

"அறுக்கத்தான் வேணும். பழைய டேக் இருந்தா திரும்பி வரும்போது மிசின் குழம்பும்."

"அப்ப கத்திரிக்கோல் கேக்கிறேன்," என்றார். பிறகு போனை மூடாமலே, அந்த வீட்டுக்குள் எங்கேயோ பார்த்துக் கூப்பிட்டார். "சம்பந்தி, கத்திரிக்கோல் இருந்தாக் கொண்டாங்க. இதுல உங்க பேரு இருக்கு, நீங்களே வெட்டுங்க."